பன்னிரண்டு பேர் பிராங்பர்ட் போக ஒரு கடிதம்

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைக் குழுவாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, டிராவல் ஏஜென்சிக்கு எழுதும் முதல் கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: தேதி, பட்ஜெட், விசா நிலவரம், யார் எப்போது ஒப்புதல் தருவார்கள் என்பது. முதல் இரண்டை எல்லோரும் எழுதுகிறார்கள். மூன்றாவதைப் பாதி எழுதுகிறார்கள். நான்காவதைப் பெரும்பாலும் யாருமே எழுதுவதில்லை. பயணச் செலவு கணக்கை மீறிப் போவது அந்த நான்காவதில்தான்.

இதைக் கரூரின் உதாரணத்தோடு பார்த்தால் நன்றாகப் புரியும். படுக்கைவிரிப்பு, திரைச்சீலை, மேசைவிரிப்பு, சமையலறைத் துண்டு என்று வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஊர் அது. அந்தத் தொழிலுக்கான பெரிய உலகக் கண்காட்சியான ஹெய்ம்டெக்ஸ்டில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. 2026ஆம் ஆண்டுக் கண்காட்சியின் தேதி ஜனவரி 13 முதல் 16 வரை. பொங்கலும் அதே வாரத்தில் வருவதால், கரூர் ஏற்றுமதியாளர்கள் பலருக்குப் பொங்கல் என்பது பிராங்பர்ட் ஸ்டாலில் கழிகிற நாள்.

அப்படி ஒரு நிறுவனம் 12 பேரை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.டி., ஒரு இயக்குநர், மெர்ச்சண்டைசர்கள், வடிவமைப்பாளர்கள், மாதிரித் துணிகளைக் கவனிக்கும் ஆட்கள். பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். வழக்கமாக ஏஜென்சிக்குப் போகும் செய்தி இப்படித்தான் இருக்கும்: “பிராங்பர்ட், 12 பேர், ஜனவரி இரண்டாவது வாரம், நல்ல ரேட் அனுப்பவும்.” இதற்கு ஏஜென்சியும் ஒரு ரேட் அனுப்பிவிடும். அன்றைக்கு கம்ப்யூட்டரில் தெரிந்த மிகக் குறைந்த கட்டணம் அது. பன்னிரண்டு இருக்கைக்கும் அந்தக் கட்டணம் கிடைக்குமா, அது எத்தனை மணி நேரம் நிற்கும், விசா வராவிட்டால் என்ன ஆகும் என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இருக்காது. கேட்டவர் சொல்லாததை ஏஜென்சியால் கணக்கில் எடுக்க முடியாது.

தேதியை எழுதும் முறை

கண்காட்சியின் தேதியும் பயணத்தின் தேதியும் வேறு வேறு. 13ஆம் தேதி காலை ஸ்டால் திறந்திருக்க வேண்டுமானால் 12ஆம் தேதி முழுவதும் அலங்கரிக்கும் வேலை இருக்கும். ஆகவே குழு 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே இறங்கியாக வேண்டும். 16ஆம் தேதி மாலை ஸ்டாலைப் பிரித்துக் கட்ட வேண்டும். எனவே 17ஆம் தேதிக்கு முன்னால் கிளம்ப முடியாது. இந்த இரண்டு வரம்புகளையும் காரணத்தோடு எழுதினால் எது அசையாது என்பது ஏஜென்சிக்குத் தெரிந்துவிடும். அசையக்கூடியதையும் எழுத வேண்டும்: 10ஆம் தேதியே இறங்கினால் கட்டணம் நன்றாகக் குறையும் என்றால் ஒரு நாள் முன்னதாகப் போகலாமா? கூடுதலாக ஒரு இரவு ஓட்டல் வாடகையைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறதா? அதை ஏஜென்சியே கணக்குப் போட்டுச் சொல்லட்டும் என்று கேட்கலாம்.

எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவதில்லை என்பதும் ஆரம்பத்திலேயே தெரிய வேண்டும். இந்த உதாரணத்தில், கண்காட்சி முடிந்ததும் மூன்று பேர் ரயிலேறி நெதர்லாந்தில் இருக்கும் பையரைப் பார்க்கப் போகிறார்கள். அவர்கள் 20ஆம் தேதி பிராங்பர்ட்டில் இருந்தே ஊர் திரும்புவார்கள். பல விமான நிறுவனங்கள் 10 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து போனால்தான் குழுக் கட்டணம் தருகின்றன. திரும்பும்போது சிலர் மட்டும் வேறு நாளில் வருவதை ஒரு எல்லைவரை அனுமதிப்பதும் உண்டு. அது முன்பே கேட்டு வாங்க வேண்டிய அனுமதி. டிக்கெட் போட்ட பிறகு சொன்னால், மூன்று பேருக்கும் தேதி மாற்றக் கட்டணமும் கட்டண வித்தியாசமும் சேரும்.

குழுக் கட்டணம் என்றாலே மலிவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது எப்போதும் உண்மையல்ல. ஒரே விமானத்தின் ஒரே எகானமி வகுப்புக்குள் பல கட்டண அடுக்குகள் இருக்கும். மலிவான அடுக்கில் நான்கு இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேருக்கு ஒரே பதிவில் கேட்டால், பன்னிரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் மேல் அடுக்கின் விலையைத்தான் கணினி காட்டும். நாலு நாலாகப் பிரித்துக் கேட்டால் முதல் நான்கு பேருக்காவது மலிவு விலை கிடைக்கும். சாதாரணப் பதிவு ஒன்றில் 9 பேருக்கு மேல் சேர்க்கவும் முடியாது. அப்படியானால் குழுக் கட்டணத்தால் என்ன லாபம்? விலையைவிட அதன் நிபந்தனைகளில்தான் லாபம் இருக்கிறது. முன்பணம் கட்டி இருக்கைகளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், பெயர்ப் பட்டியலைப் பிறகு கொடுக்கலாம், முழுப் பணத்தை இன்னும் தள்ளிக் கட்டலாம். விசா கையில் வராத 12 பேருக்கு இது பெரிய வசதி. ஆகவே கடிதத்தில் “குழுக் கட்டணத்தில் ஒன்று, பிரித்துப் போட்டால் ஒன்று, இரண்டு விலையும் வேண்டும்” என்று கேட்பதே சரி.

விசா: ஒவ்வொருவருக்கும் ஒரு வரி

ஜெர்மனி ஷெங்கன் நாடுகளில் ஒன்று. அந்த விசாவின் விதிகள் பொதுவானவை, தெளிவானவை. பயணத் தேதிக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசியாக 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமான அவகாசம் 15 நாள், சில விண்ணப்பங்களில் 45 நாள்வரை போகலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளில் இருந்து இன்னும் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும்.

விதிகளை ஏஜென்சி அறியும். அதற்குத் தெரியாதது இந்த 12 பேரின் நிலவரம். அதனால் “அனைவருக்கும் விசா தேவை” என்று ஒரே வரியில் முடிக்காமல், ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும். இந்தக் குழுவில் ஐந்து பேரிடம் முந்தைய ஆண்டுகளில் வாங்கிய, இன்னும் செல்லுபடியாகும், பலமுறை நுழையும் விசா இருக்கிறது. மீதி ஏழு பேர் விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஏழில் இரண்டு பேர் வெளிநாடே போனதில்லை. ஒருவரின் பாஸ்போர்ட் 2026 மார்ச் மாதம் முடிகிறது. கேட்கும்போது இன்னும் ஆறேழு மாதம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஜனவரி 17இல் கிளம்புகிறவருக்கு ஏப்ரல் 17வரை பாஸ்போர்ட் இருந்தாக வேண்டும் என்பதால் அவர் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டும். விசா மையத்தின் வாசலில் நிற்கும்போது இது தெரியவந்தால் ஒரு மாதம் போய்விடும்.

மற்றவர்களில் சிலர் ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்திருப்பார்கள். 59 மாதத்துக்குள் கொடுத்ததாக இருந்தால் மறுபடி தேவைப்படாமல் போகலாம். அந்தத் தேதியையும் பட்டியலில் குறிப்பது நல்லது. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் இந்தியர்களுக்கென்று ஒரு சலுகையைக் கொண்டுவந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர், இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசாவுக்குத் தகுதி பெறலாம். ஆண்டுதோறும் கண்காட்சிக்குப் போகும் மெர்ச்சண்டைசருக்கு இது மிகவும் பொருந்தும். பழைய விசாக்களின் நகலைச் சேர்த்து அனுப்பினால்தான் ஏஜென்சியால் அதைக் கவனித்து விண்ணப்பிக்க முடியும்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதற்கும் விதி உண்டு. பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே, அதிக நாள் தங்குவது எங்கே என்று பார்த்து அங்கே விண்ணப்பிக்க வேண்டும். நெதர்லாந்து போகும் மூன்று பேருக்கும் கண்காட்சியும் அதிக நாட்களும் ஜெர்மனியில்தான். அதனால் அவர்களும் ஜெர்மன் விசாவுக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் நெதர்லாந்து பையரின் அழைப்புக் கடிதத்தை மறைக்காமல் உடன் வைக்க வேண்டும், பயணத் திட்டத்திலும் அந்த நாட்களைக் காட்ட வேண்டும்.

பிரிட்டன் சேர்ந்தால் கதை வேறு. அது ஷெங்கன் நாடு இல்லை, தனி விசா வேண்டும். இயக்குநர் நெதர்லாந்தில் இருந்து லண்டன் போய் ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வர நினைக்கிறார் என்றால் இரண்டு சிக்கல் எழும். ஒரு விண்ணப்பத்துக்காகப் பாஸ்போர்ட் உள்ளே இருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது, ஒன்று முடிந்துதான் மற்றது. அடுத்தது, லண்டனில் இருந்து மறுபடி பிராங்பர்ட் வந்து விமானம் ஏறுகிறார் என்றால் அவர் ஷெங்கன் பகுதிக்குள் இரண்டாவது முறை நுழைகிறார். ஒருமுறை நுழைவு விசா அதற்குப் போதாது. “லண்டன் போனாலும் போவேன்” என்று எம்.டி. அறையில் பேசிக்கொண்டது கடிதத்தில் ஏறாவிட்டால், டிசம்பரில் அதைச் சரிசெய்ய நாள் இருக்காது.

ஸ்டாலுக்குத் தச்சரையோ எலக்ட்ரீஷியனையோ இங்கிருந்தே கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அவரைப் பட்டியலில் தனியாகக் காட்ட வேண்டும். வியாபாரப் பேச்சுக்குப் போகிறவரும் கையால் வேலை செய்யப் போகிறவரும் விசா விதிகளின் கண்ணில் ஒன்றல்ல. அவருக்கு எந்த வகை விசா என்பதைத் தூதரகத்தின் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்த பிறகே டிக்கெட் பேச வேண்டும்.

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு அதிகமாக வரும் தொல்லை ஒன்றும் உண்டு: பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைப்பது இங்கே வழக்கம். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தந்தை பெயர் குடும்பப்பெயர் இடத்தில் விரிவாக இருக்கும். சிலருக்கு அந்த இடமே காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். விமான டிக்கெட்டில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் பதிவு நகராது. ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்பதில் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆதாரில் இருக்கிற பெயரையோ அலுவலகத்தில் கூப்பிடுகிற பெயரையோ அனுப்பாமல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்ப வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்களைத் தனியாகச் சுட்டிக்காட்டவும் வேண்டும். துபாய் வழியாகப் போகும் குழு, நடுவில் ஊர் பார்க்க வெளியே வர நினைத்தால் இது இன்னும் முக்கியம். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோருக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

இந்த நகல்களை அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது வேண்டாம். ஒருவர் மட்டும் சேகரித்து, ஏஜென்சியில் ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் போதும்.

பட்ஜெட்டைத் திறந்து சொல்வது

பட்ஜெட்டைச் சொன்னால் ஏஜென்சி அதுவரை விலையை ஏற்றிவிடும் என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு அஞ்சுவது இயல்பு. ஆனால் சொல்லாவிட்டால், கண்காட்சி அரங்கை ஒட்டிய ஓட்டலில் தொடங்கி, மூன்று முறை திருத்திய கொட்டேஷனில்தான் பேச்சு முடியும். அதற்குள் விலையும் ஏறிவிடும். ஆளுக்கு இவ்வளவு என்று ஒற்றைத் தொகையாகச் சொல்லாமல், இனம் பிரித்துச் சொல்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

யூரோவுக்கு 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு விமானக் கட்டணம் 75,000 ரூபாய். இருவர் தங்கும் அறை இரவுக்கு 180 யூரோ என்றால் ஒருவரின் பங்கு 90 யூரோ, ஆறு இரவுக்கு 54,000 ரூபாய். விசா, காப்பீடு இரண்டும் சேர்த்து 13,000. உள்ளூர்ப் போக்குவரத்து 8,000. ஆக ஏஜென்சி வழியாகப் போகும் செலவு ஆளுக்கு 1,50,000 ரூபாய், 12 பேருக்கு 18 லட்சம். தினப்படி ஒரு நாளைக்கு 50 யூரோ வீதம் ஏழு நாளைக்கு ஆளுக்கு 35,000, மொத்தம் 4,20,000. இதை நிறுவனமே கொடுக்கும். இவற்றுக்கு மேல் 1,80,000 ரூபாய் கையிருப்பு. எல்லாம் சேர்த்து 24 லட்சம். நெதர்லாந்து போகும் மூன்று பேரின் கூடுதல் இரவுகள் வேறு கணக்குத் தலைப்பில் போகும் என்பதையும், அதற்குத் தனிக் கொட்டேஷன் வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு ஓட்டல் அறையே சாட்சி. பன்னிரண்டு பேருக்கு ஆறு அறை என்று போட்டிருக்கிறது. எம்.டி.க்குத் தனி அறை வேண்டும் என்று கடைசியில் சொன்னால் ஒரு அறை கூடிவிடும். அவர் விலகியதும் ஆண்களில் ஒன்பது பேர் மிஞ்சுகிறார்கள். அவர்களிலும் ஒருவர் தனியாக நிற்கிறார். ஏழு அறை ஆகிவிடும். ஒரு அறைக்கு ஆறு இரவு என்றால் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய், கையிருப்பில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். யார் யாரோடு தங்குவார்கள் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

கண்காட்சி வாரத்தில் பிராங்பர்ட் ஓட்டல் வாடகை சாதாரண நாளைவிடப் பல மடங்கு ஏறும். நகருக்குள் கட்டுப்படியாகாதவர்கள் மைன்ஸ், ஒபன்பாக், டார்ம்ஸ்டாட் போன்ற பக்கத்து ஊர்களில் தங்கி ரயிலில் வருகிறார்கள். கடிதத்தில் “நான்கு நட்சத்திரம்” என்று எழுதுவதைவிட, “கண்காட்சி அரங்குக்கு வீட்டு வாசலில் இருந்து 45 நிமிடத்துக்குள், ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில், காலை உணவோடு” என்று எழுதினால் ஏஜென்சிக்குத் தேட வழி பிறக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் விமானத்துக்கும் ஓட்டலுக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியது.

வரி விஷயத்தில் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். வெளிநாட்டு டிக்கெட், ஓட்டல் முதலியவற்றைச் சேர்த்து ஒரே பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்சி டி.சி.எஸ். என்ற வருமான வரி முன்பிடித்தத்தை வசூலிக்க வேண்டும். டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது வராது. இதன் விகிதத்தைப் பட்ஜெட்டுகள் அடிக்கடி மாற்றி வந்திருக்கின்றன. அதனால் பணம் கட்டும் நாளில் எவ்வளவு என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்ல வேண்டும். அது செலவல்ல, நிறுவனத்தின் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்குக் கையில் இருந்து போகும் பணம். 18 லட்சம் மட்டும் ஒதுக்கிய அக்கவுண்ட்ஸ் பிரிவு அங்கே திகைத்து நிற்கும். இன்னொரு கேள்வி ஜி.எஸ்.டி. பற்றியது. பேக்கேஜ் பில்லா, டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் தனித்தனி பில்லா என்பதைப் பொறுத்து உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுப்பது மாறும். நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணை முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுவது பின்னால் பில்லைத் திருத்தும் வேலையை மிச்சப்படுத்தும்.

ஒப்புதல்: யார் சொன்னால் டிக்கெட் போடலாம்?

விமான நிறுவனத்துக்கு ஒரு கெடு இருக்கிறது, விசாவுக்கு ஒரு கெடு இருக்கிறது, நிறுவனத்துக்குள் கோப்பு நகர்வதற்கும் நாள் பிடிக்கிறது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதுதான் பணம் போகிறது. ஏஜென்சி காலையில் ஒரு விலை சொல்லி, மாலை ஆறு மணிவரைதான் நிற்கும் என்கிறது. மெர்ச்சண்டைசிங் மேலாளர் அதை அக்கவுண்ட்ஸுக்கு அனுப்புகிறார். அக்கவுண்ட்ஸ் எம்.டி.க்கு அனுப்புகிறது. எம்.டி. டெல்லியில் இருக்கிறார். மறுநாள் காலை “ஓகே” வரும்போது ஆளுக்கு நாலாயிரம் கூடியிருக்கிறது. பன்னிரண்டு பேருக்கு 48,000 ரூபாய். புதிய விலைக்குப் புதிய ஒப்புதல் வேண்டும் என்று கோப்பு மறுபடி கீழே இருந்து கிளம்புகிறது. இதில் ஏஜென்சியின் தப்பு எதுவும் இல்லை.

இதற்கு வழி, ஒப்புதலை மூன்றாகப் பிரிப்பது. கொட்டேஷன் கேட்பதற்கு முன்பே உச்சவரம்புக்கு எம்.டி. கையெழுத்து வாங்கிவிட வேண்டும்: 24 லட்சம், 12 பேர், இந்தத் தேதிகள். கொட்டேஷன் வந்து ஒன்றைத் தேர்ந்ததும், முன்பணம் கட்ட அடுத்த ஒப்புதல். இது வரம்புக்குள் இருக்கும்வரை அக்கவுண்ட்ஸ் மேலாளரே தரலாம், எம்.டி.யைத் தேட வேண்டாம். விசா முடிவுகள் வந்தபின், பெயர்ப் பட்டியலோடு டிக்கெட் போடச் சொல்வது கடைசி ஒப்புதல். வரம்பை மீறினால் மட்டும் எம்.டி., அவர் கிடைக்காத நேரத்தில் இயக்குநர். இந்த அமைப்பை அப்படியே ஏஜென்சிக்கும் எழுத வேண்டும். யாருடைய சொல் செல்லும் என்று தெரியாத ஏஜென்சி, போனில் யார் அவசரப்படுத்தினாலும் டிக்கெட் போட்டுவிடும். இல்லையென்றால் யார் சொன்னாலும் தயங்கி நிற்கும்.

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தால் கடிதம் ஏறக்குறைய இப்படி அமையும்:

“எங்கள் நிறுவனத்தில் இருந்து 12 பேர் 2026 ஜனவரி 13 முதல் 16 வரை பிராங்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சியில் பங்கேற்கிறார்கள். சென்னையில் இருந்து புறப்பட்டு ஜனவரி 11 நண்பகலுக்குள் பிராங்பர்ட் சேர வேண்டும். 9 பேர் 17ஆம் தேதியும், 3 பேர் நெதர்லாந்து சென்றுவிட்டு 20ஆம் தேதியும் பிராங்பர்ட்டில் இருந்து திரும்புவார்கள். சேரும் தேதியை ஒரு நாள் முன்னால் மாற்றலாம், பின்னால் மாற்ற முடியாது.

இணைப்பில் 12 பேரின் பாஸ்போர்ட் விவரமும் விசா நிலவரமும் உள்ளன. 7 பேருக்கு ஜெர்மன் விசா எடுக்க வேண்டும். முதல் முறை பயணம் செய்வோர் 2 பேர், பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியவர் ஒருவர், ஒற்றைப் பெயர் உள்ளவர் ஒருவர்.

விமானம், ஓட்டல், விசா, காப்பீடு, உள்ளூர்ப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து வரம்பு 18 லட்சம் ரூபாய். இனவாரியாக விலை தரவும். குழுக் கட்டணம், பிரித்த பதிவு இரண்டுக்கும் முன்பணம், பெயர்ப் பட்டியல் தரும் கெடு, டிக்கெட் போடும் கெடு, ஆள் குறைந்தால் பிடித்தம் ஆகியவற்றைத் தேதியோடு குறிப்பிடவும்.

கொட்டேஷன் செப்டம்பர் 15க்குள் வேண்டும். முன்பணத்துக்கான ஒப்புதலை எங்கள் அக்கவுண்ட்ஸ் மேலாளர், ஒரு வேலை நாளுக்குள் மின்னஞ்சலில் தருவார். வரம்பைத் தாண்டினால் எம்.டி.யின் ஒப்புதல் தேவை, அதற்கு மூன்று வேலை நாள் ஆகும். இவ்விருவர் அல்லாத எவருடைய சொல்லின் பேரிலும் டிக்கெட் போட வேண்டாம்.”

கடைசிப் பத்திதான் இந்தக் கடிதத்தின் உயிர். ஒரு வேலை நாள் ஆகும் என்று தெரிந்த ஏஜென்சி, மாலையில் காலாவதியாகும் விலையை அனுப்பி யாரையும் ஓடவிடாது. இரண்டு மூன்று நாள் நிற்கக்கூடிய விலையைத் தேடித் தரும்.

கொட்டேஷன் வந்த பிறகு

ஒரே நேரத்தில் மூன்று ஏஜென்சிகளிடம் விலை கேட்பது வழக்கம்தான். ஆனால் மூவரும் அதே 12 பேருக்காக அதே விமானத்தின் குழுப் பிரிவில் விண்ணப்பித்தால், விமான நிறுவனத்துக்கு அது 36 பேராகத் தெரியலாம், அல்லது இரட்டைக் கோரிக்கை என்று தெரிந்து திருப்பி அனுப்பலாம். மூவரிடமும் உத்தேச விலை மட்டும் வாங்கி, ஒருவரைத் தேர்ந்தபின் அவரை மட்டும் இருக்கை பிடிக்கச் சொல்வது பாதுகாப்பு.

கொட்டேஷனில் மொத்தத் தொகையைவிட முக்கியமானது, ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்கிற வரி. ஏழு பேரின் விசா இன்னும் வரவில்லை. ஒருவருக்கு மறுக்கப்பட்டால் முன்பணம் மட்டும் போகுமா? மூவருக்கு மறுக்கப்பட்டால் குழு 9 பேராகிவிடுகிறது. குறைந்தபட்சம் 10 என்ற நிபந்தனை இருந்தால் மற்றவர்களின் கட்டணமும் மாறலாம். ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு முன்பதிவு விவரம் போதும், பணம் கட்டிய டிக்கெட்டை வைத்தாக வேண்டியதில்லை. விசா வராமலே திருப்பித் தராத டிக்கெட்டைப் போடச் சொல்லும் ஏஜென்சியிடம் அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும். ஓட்டலுக்கும் இதே கேள்விதான்: எந்தத் தேதிவரை அறையைப் பிடித்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம்?

நாட்களை அடுக்கிப் பார்த்தால், ஆகஸ்டில் வரம்புக்கு ஒப்புதல், செப்டம்பர் தொடக்கத்தில் கடிதம், மாத இறுதிக்குள் முன்பணம், அக்டோபரில் சென்னை விண்ணப்ப மையத்தில் ஏழு பேருக்கும் முடிந்தால் ஒரே நாளில் நேரம், நவம்பரில் முடிவு, டிசம்பர் முதல் வாரத்தில் டிக்கெட். முடிவு 45 நாள் இழுத்தாலும் டிசம்பர் நடுவுக்குள் வந்துவிடும். டிசம்பரில் விண்ணப்பிக்கலாம் என்று தள்ளினால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளில் தூதரக வேலைநாட்கள் கரைந்துவிடும். மறுக்கப்பட்ட விசாவுக்கு ஜெர்மன் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் அல்லது ஜெர்மனியில் நீதிமன்றம் போக வேண்டும். அதனால் இரண்டாவது விண்ணப்பத்துக்கு நாள் மிச்சம் வைத்துத் திட்டமிட்டவர்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்ததும் ஏஜென்சியும் நிறுவனமும் தனித்தனியே பார்க்க வேண்டியவை: பெயரின் எழுத்துகள், செல்லுபடியாகும் தேதிகள், எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 11 முதல் 17 வரை ஏழு நாள், நெதர்லாந்து போகிறவர்களுக்கு 11 முதல் 20 வரை பத்து நாள். பத்து நாள் தேவைப்படுகிறவருக்கு எட்டு நாள் விசா வந்திருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பயணம் முடிந்து திரும்பியதும் போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்க வேண்டும். ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் வழியாகப் போய் அரசு உதவி கேட்கிறவர்களுக்கு அவை தேவைப்படும். ஏஜென்சியின் கடைசி பில்லைத் தீர்ப்பதற்கு முன், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஜி.எஸ்.டி. பில் வந்ததா, பிடித்த டி.சி.எஸ். நிறுவனத்தின் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா, பயன்படுத்தாத அறைக்கும் இருக்கைக்கும் பணம் திரும்பியதா என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டுக்கான வரம்பை முடிவுசெய்ய அந்தக் கணக்குத்தான் அடிப்படை.